கூடுதல் வேலைக்குத் தனிக் கடிதம்

சென்னிமலையில் பெட்ஷீட்டும் துண்டும் விற்கும் ஒரு கடை. கோவையில் வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்யும் ஒரு டெவலப்பர். கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம் அமைத்துத் தர இருவருக்கும் 90,000 ரூபாய்க்குப் பேச்சு முடிந்திருக்கிறது. பணம் மூன்று தவணை. செப்டம்பர் 25 அன்று தளம் திறக்க வேண்டும். அப்போதுதான் தீபாவளி வியாபாரத்தைப் பிடிக்க முடியும். வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில், செப்டம்பர் 3 இரவு கடைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வருகிறது. "தம்பி, வெப்சைட்டு பாத்தேன், நல்லாருக்குது. அப்படியே அந்தக் கேஷ் ஆன் டெலிவரியும் போட்டு உட்ருங்க. எல்லா சைட்டுலயும் இருக்குதுல்ல."

கடையையும் டெவலப்பரையும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டேன். ஆனால் அந்த "அப்படியே" தனியாக வேலை செய்யும் எந்த டெவலப்பருக்கும் பழக்கமானது. பேசி முடித்த வேலைக்கு வெளியே, பேசி முடித்த விலைக்குள்ளேயே, ஒரு வேலை வந்து நிற்கிறது. அதைத் தனியாக விலை போட்டு எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குத்தான் சேஞ்ச் ஆர்டர் என்று பெயர். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் "சி.ஆர். போடுவது" என்பார்கள். அங்கே அதற்கென்று ஆளும் படிவமும் இருக்கும். தனி ஆளுக்கு அந்தக் கடிதத்தைத் தானே எழுதியாக வேண்டும். எப்படி எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அந்த வேலையும் உறவும் எங்கே போகும் என்பது தீர்மானமாகிறது.

கடிதத்துக்கு முன்னால் வேலையைப் பார்த்துவிடலாம். கடைக்காரர் நினைப்பதில் பாதி உண்மை. இந்தத் தளம் வூகாமர்ஸ் மென்பொருளில் அமைந்தது. அதில் கேஷ் ஆன் டெலிவரி ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் பேமென்ட்ஸ் பக்கத்துக்குப் போய் ஒரு பொத்தானைத் திருப்பினால், வாங்குபவருக்கு அந்த வசதி தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு நிமிட வேலை. இதை மறைத்து விலை போடுகிறவர் நேர்மையானவர் இல்லை. நாளைக்கு வேறு யாராவது கடைக்காரரிடம் அந்தப் பொத்தானைக் காட்டிவிட்டால் அதோடு நம்பிக்கை போய்விடும்.

பொத்தானைத் திருப்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. முன்பணம் செலுத்தி வாங்குகிறவர் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறார். கேஷ் ஆன் டெலிவரியில் யாரும் எந்தத் தொலைபேசி எண்ணையும் கொடுத்து ஆர்டர் போடலாம். பார்சல் போய்ச் சேரும்போது வீட்டில் ஆள் இல்லை, அல்லது வேண்டாம் என்கிறார்கள். பார்சல் திரும்பி வருகிறது. போகவும் வரவும் கூரியர் செலவு கடைக்காரர் தலையில். பெட்ஷீட் கனமான சரக்கு. இரண்டு பெட்ஷீட் போக வர ஆகும் கூரியர் காசு அதன் லாபத்தைத் தின்றுவிடும். அதனால்தான் பெரிய தளங்கள் எண்ணைச் சரிபார்க்க ஓ.டி.பி. கேட்கின்றன, சில பின்கோடுகளுக்கு இந்த வசதியைக் காட்டுவதில்லை, பெரிய தொகை ஆர்டருக்கும் தருவதில்லை.

இன்னொன்று கணக்கு. வூகாமர்ஸில் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் விழுந்த உடனே, பணம் வராவிட்டாலும், அது "பிராசஸிங்" நிலைக்குப் போய்விடும். விற்பனை அறிக்கையில் அந்தத் தொகை வரவாகச் சேர்ந்துகொள்ளும். மாதக் கடைசியில் திரையில் ஒரு தொகை, வங்கியில் வேறு தொகை. வாசலில் வசூலான பணமும் நேராகக் கடைக்கு வராது. கூரியர் நிறுவனம் வாங்கி வைத்து, சில நாள் கழித்து, பல ஆர்டர்களின் தொகையை ஒன்றாகச் சேர்த்து, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு அனுப்பும். எந்த ஆர்டருக்குப் பணம் வந்தது, எதற்கு வரவில்லை என்று பிரித்துப் பார்க்க ஒரு பக்கம் வேண்டும். திரும்பி வந்த பெட்ஷீட் மறுபடி இருப்பில் ஏற வேண்டும், இல்லையென்றால் அலமாரியில் இருக்கும் சரக்கு தளத்தில் "விற்றுத் தீர்ந்தது" என்று காட்டும்.

ஆக, "அப்படியே" என்ற சொல்லுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு வார வேலை நிற்கிறது. இந்த இடத்தில் டெவலப்பர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, உறவு கெட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு செய்துவிடுவது. இரண்டு, செய்து முடித்துவிட்டுக் கடைசி பில்லில் சேர்ப்பது. இரண்டாவதுதான் மோசம். 30,000 கடைசித் தவணை என்று காத்திருக்கும் கடைக்காரர் கையில் 50,000-க்கு பில் போகிறது. வேலை நியாயமாகவே இருக்கலாம், தொகையும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் "இவ்வளவு ஆகும் என்று சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனே" என்று அவர் கேட்டால் அதற்குப் பதில் இல்லை. அவருக்கு மறுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை. சேஞ்ச் ஆர்டர் கடிதம் முதலில் அந்த வாய்ப்பைத்தான் தருகிறது. விலை அதற்குப் பிறகு வருகிறது.

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் ஒப்பந்தத்தைத் திறந்து வரிவரியாகப் படிக்க வேண்டும், நினைவை நம்பி எழுதக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் ஒப்பந்தத்தின் நான்காவது வரி இப்படி இருக்கிறது: "வாடிக்கையாளர் யுபிஐ, கார்டு, நெட்பேங்கிங் மூலம் பணம் செலுத்தும் வசதி, ஒரு பேமென்ட் கேட்வே இணைப்பு." செலுத்தும் வழிகள் பெயர் சொல்லி எண்ணப்பட்டிருக்கின்றன. அவற்றில் கேஷ் ஆன் டெலிவரி இல்லை. எனவே இது வெளி வேலை என்று சொல்ல டெவலப்பருக்கு இடம் இருக்கிறது. அதே வரி "பணம் செலுத்தும் வசதிகள் செய்து தரப்படும்" என்று பொத்தாம்பொதுவாக இருந்திருந்தால் கதை வேறு. வாசலில் பணம் தருவதும் பணம் செலுத்தும் வசதிதான் என்று கடைக்காரர் சொல்லலாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஒப்பந்த வாசகம் இரண்டு பொருள் தந்தால் அதை எழுதியவருக்கு எதிரான பொருளையே எடுப்பது சட்டத்தில் நெடுநாளாக உள்ள விதி. இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் எழுதுவது டெவலப்பர்தான். மழுப்பலாக எழுதியதன் செலவை அவர்தான் ஏற்க வேண்டும்.

வந்த கோரிக்கை பிழைதிருத்தமா, புதிய வேலையா என்பதையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். யுபிஐயில் பணம் கட்டியும் ஆர்டர் பதிவாகவில்லை என்றால் அது பிழை. எத்தனை மணி நேரம் ஆனாலும் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். செல்பேசியில் பக்கம் கோணலாகத் தெரிகிறது, ஆனால் ஒப்பந்தத்தில் செல்பேசி என்ற சொல்லே இல்லை என்றால்? இன்றைக்குச் செல்பேசியில் சரியாகத் தெரியாத கடைத் தளத்தை யாரும் தளம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எழுதாவிட்டாலும் அது வேலைக்குள் அடங்கியது. அதற்கு சேஞ்ச் ஆர்டர் அனுப்புவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இனி கடிதம். குரல் பதிவு வந்த இரண்டாம் நாள் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம்.

அன்புள்ள அண்ணாவுக்கு, வணக்கம்.

செப்டம்பர் 3 அன்று தாங்கள் அனுப்பிய குரல் பதிவில் கேஷ் ஆன் டெலிவரி வசதி கேட்டிருந்தீர்கள். நம் ஒப்பந்தத்தின் 4-ஆம் வரியில் யுபிஐ, கார்டு, நெட்பேங்கிங் மூன்றும் உள்ளன. கேஷ் ஆன் டெலிவரி அதில் இல்லை. எனவே இதை கூடுதல் வேலையாகக் கணக்கிட்டு, தங்கள் முடிவுக்காக எழுதுகிறேன். தாங்கள் சம்மதம் தெரிவிக்கும் வரை இந்த வேலையைத் தொடங்க மாட்டேன். ஒப்பந்தத்தில் உள்ள வேலை தடையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

முழுமையாகச் செய்தால் வேலை இவ்வளவு:
பின்கோடு, தொகை வரம்பு அமைத்து, பணம் செலுத்தும் பக்கத்தில் சேர்த்தல் – 5 மணி
தொலைபேசி எண்ணை ஓ.டி.பி. மூலம் சரிபார்த்தல் – 8 மணி
ஆர்டர் நிலைகள், திரும்பி வந்த சரக்கை இருப்பில் ஏற்றுதல் – 8 மணி
கூரியர் அனுப்பும் தொகையை ஆர்டரோடு ஒப்பிடும் பக்கம் – 6 மணி
ஏற்கெனவே சோதித்து முடித்த ஆர்டர் பக்கங்களை மறுபடி சோதித்துச் சரிசெய்தல் – 5 மணி
மொத்தம் 32 மணி. ஒப்பந்தத்தில் உள்ளபடி மணிக்கு 600 ரூபாய் வீதம் 19,200 ரூபாய்.

கூப்பன் வசதி இப்போதைக்கு வேண்டாம் என்று சென்ற வாரம் சொன்னீர்கள். அதற்கு 5 மணி ஒதுக்கியிருந்தேன், வேலை தொடங்கவில்லை. அதற்கான 3,000 ரூபாயைக் கழித்தால், கூடுதலாகத் தர வேண்டியது 16,200 ரூபாய். மொத்த வேலையின் விலை 90,000-லிருந்து 1,06,200 ஆகும்.

ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். கட்டணமும், அதற்கு டி.எல்.டி. தளத்தில் கடையின் பெயரில் செய்ய வேண்டிய பதிவும் இதில் சேராது. அவற்றை நிறுவனங்களுக்குத் தாங்கள் நேரடியாகச் செலுத்துவீர்கள். பதிவுக்கு உதவி செய்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

முடிவெடுக்க மூன்று வழிகள்:
அ) இப்போதே முழுமையாகச் சேர்ப்பது. 16,200 ரூபாய். தளம் திறக்கும் நாள் செப்டம்பர் 25-க்குப் பதில் அக்டோபர் 9.
ஆ) செப்டம்பர் 25 அன்று திட்டமிட்டபடி திறந்துவிட்டு, கேஷ் ஆன் டெலிவரியை அக்டோபர் 12-க்குள் சேர்ப்பது. அதே தொகை.
இ) மென்பொருளிலேயே உள்ள எளிய வசதியை மட்டும் திறப்பது. 638 என்று தொடங்கும் ஈரோடு மாவட்டப் பின்கோடுகளுக்கு மட்டும், 2,000 ரூபாய்க்கு உட்பட்ட ஆர்டர்களுக்கு மட்டும். ஒவ்வொரு ஆர்டரையும் கடையிலிருந்து போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும்; பணக் கணக்கை நோட்டில் எழுத வேண்டும். 6 மணி, 3,600 ரூபாய். கூப்பன் கழித்தால் 600 ரூபாய். திறக்கும் நாள் மாறாது.

எதுவும் வேண்டாம் என்றாலும் சரி. பழைய ஒப்பந்தம் அப்படியே தொடரும்.

அ அல்லது ஆ என்றால் பாதித் தொகை தொடங்கும்போது, மீதி முடித்துக் காட்டியபின். பழைய தவணைகளில் மாற்றமில்லை. இந்த விலையும் தேதிகளும் செப்டம்பர் 12 வரை பொருந்தும். எந்த வழி என்பதை இதற்குப் பதிலாக எழுத்தில் தெரிவித்தால் போதும்.

அன்புடன்,
...

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு இல்லை, குறையும் இல்லை. "நீங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்ற ஒரு வரி உள்ளே நுழைந்திருந்தால் கடைக்காரர் கணக்கை விட்டுவிட்டு அந்த வரிக்குப் பதில் எழுத ஆரம்பித்திருப்பார். எந்த நாள், எந்தக் கோரிக்கை, ஒப்பந்தத்தின் எந்த வரி என்று மூன்றையும் சொல்லிவிட்டு நேராக வேலைக்குள் போவதுதான் முறை.

பிரிவுக் கணக்கைப் பாருங்கள். 19,200 என்று ஒரே தொகையாகச் சொன்னால் கடைக்காரரால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: பேரம். "பதினைந்துக்கு முடிச்சுக்கலாம் தம்பி" என்பார். ஐந்து வரியாகப் பிரித்துக் காட்டினால் பேச்சு வேறு பக்கம் போகிறது. "ஓ.டி.பி. இப்ப வேண்டாம், பொம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரு கடையில இருக்காங்க, போன் பண்ணிக் கேட்டுக்குவாங்க" என்று அவரே ஒரு வரியை எடுத்துவிடலாம். 8 மணி குறைகிறது, 4,800 ரூபாய் குறைகிறது. டெவலப்பரின் மணிக்கூலி குறையவில்லை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் வேலையைக் குறைக்க வேண்டும் என்ற விஷயத்தை யாரும் யாருக்கும் பாடம் எடுக்காமலே இருவரும் புரிந்துகொள்கிறார்கள்.

ஐந்தாவது வரி பலருடைய கடிதங்களில் விட்டுப்போவது. புதிதாக எழுதும் நிரலுக்கு மட்டும் மணிக்கணக்குப் போட்டுவிட்டு, பழையதைத் தொட்டதால் அதை மறுபடி சோதிக்க வேண்டியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். யுபிஐயில் பணம் கட்டும் வழி போன வாரம் சரியாக வேலை செய்தது. இப்போது அதே பக்கத்தில் இன்னொரு வழி சேர்ந்தபின் அதுவும் இதுவும் குழம்பாமல் இருக்கிறதா, பாதியில் வழி மாற்றினால் என்ன ஆகிறது, இருப்பு இருமுறை குறைகிறதா என்று எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இதே கோரிக்கை முதல் வாரத்தில் வந்திருந்தால் இந்த 5 மணி தேவைப்பட்டிருக்காது. தாமதமாகக் கேட்டால் விலை ஏன் கூடுகிறது என்று கடைக்காரர் கேட்டால் காட்ட வேண்டிய வரி இதுதான்.

கூப்பனுக்குக் கழித்த 3,000 ரூபாய் சின்னத் தொகை. ஆனால் கடிதத்தில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. சேஞ்ச் ஆர்டர் கூட்டுவதற்கு மட்டும்தான் வரும் என்றால், அது பணம் பிடுங்கும் சீட்டு என்ற எண்ணம் வரத்தான் செய்யும். குறைந்த வேலையையும் அதே மணிக்கூலியில் கழித்துக் காட்டும்போது இது இரண்டு பக்கமும் ஓடும் கணக்கு என்று தெரிகிறது. கட்டட ஒப்பந்தங்களில் இது நெடுங்காலப் பழக்கம். மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 12-ஆம் பிரிவு முழுக்க இதைப் பற்றியதுதான். அளவு கூடினால், குறைந்தால், புதிய அயிட்டம் சேர்ந்தால் விலை எப்படி என்று அது பேசுகிறது. புது அயிட்டத்துக்கு ஒப்பந்தக்காரர் கேட்கும் விலைக்கு, அந்த விலை எப்படி வந்தது என்ற பகுப்பாய்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீடு கட்டும்போது "இந்தச் சுவத்துல ஒரு அலமாரி வச்சுருங்க மேஸ்திரி" என்று சொல்லி, கடைசியில் எக்ஸ்ட்ரா பில்லில் தகராறு செய்த அனுபவம் நம் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு உண்டு. அந்தத் தகராறுதான் நிரல் வேலையிலும் நடக்கிறது. அதைத் தவிர்க்கும் வழியும் அங்கிருந்து வந்ததுதான்.

டி.எல்.டி. பதிவு பற்றிய பத்தி இந்தத் துறையில் இல்லாதவர்களுக்குப் புதிதாக இருக்கும். இந்தியாவில் ஒரு கடை தன் வாடிக்கையாளருக்கு ஓ.டி.பி. அனுப்ப நினைத்தால் அன்றே அனுப்பிவிட முடியாது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, நிறுவனத்தின் பெயர், எஸ்.எம்.எஸ்.ஸில் தெரியும் அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் மூன்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆவணங்கள் கடையின் பெயரில் வேண்டும், டெவலப்பர் தன் பெயரில் செய்து தர முடியாது. ஒப்புதல் எப்போது வரும் என்பதும் அவர் கையில் இல்லை. இந்த மாதிரிச் செலவையும் காத்திருப்பையும் கடிதத்தில் சொல்லாமல் விட்டால், தாமதம் முழுக்க டெவலப்பரின் பெயரில் எழுதப்படும். பணத்தைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள்கூடத் தேதியைப் பற்றி எழுத மறந்துவிடுகிறார்கள். பண்டிகைக்கு முன் திறக்க வேண்டிய கடைக்கு 16,200 ரூபாயைவிட அந்த இரண்டு வாரம் பெரிய விலையாக இருக்கலாம்.

அதனால்தான் மூன்று வழிகள். நான் அந்தக் கடைக்காரர் இடத்தில் இருந்தால் மூன்றாவதைத்தான் எடுப்பேன். 600 ரூபாயில், திறக்கும் நாள் மாறாமல், தன் மாவட்டத்தில் மட்டும் ஒரு பண்டிகைக் காலம் ஓட்டிப் பார்த்துவிடலாம். எத்தனை பார்சல் திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஓ.டி.பி.யும் கணக்குப் பக்கமும் தேவையா என்று முடிவு செய்யலாம். அதிகம் கேட்க முடிந்த இடத்தில் மலிவான வழியையும் அதன் குறைகளோடு சேர்த்து எழுதிவைக்கிற டெவலப்பருக்கு அந்த மாதம் பணம் குறையும். ஆனால் அவர் எழுதும் அடுத்த எண்ணைக் கடைக்காரர் நம்புவார்.

எழுத்தில் சம்மதம் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. இந்தியச் சட்டத்தில் வாய்ப்பேச்சாலும் ஒப்பந்தம் உருவாகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் செய்யப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது. ஆகவே "ஆ ஓகே தம்பி" என்று ஒரு வாட்ஸ்அப் வரி வந்தாலே அது சம்மதம்தான். குரல் பதிவுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதில் எந்த வழி, எவ்வளவு தொகை என்று தெளிவாக இருக்காது. குரலில் பதில் வந்தால், "நீங்கள் சொன்னபடி வழி இ, 600 ரூபாய், நாள் மாற்றமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், சரியென்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்புவது நல்ல பழக்கம்.

எழுத்தே இல்லாமல் கூடுதல் வேலையைச் செய்துவிட்டால் எல்லாம் போய்விட்டதா? முழுக்க இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்து கொடுத்ததன் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. இதில் முக்கியமான வழக்கு மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற ஒப்பந்தக்காரருக்கும் நடந்தது. 1944-ல் அரசு அதிகாரிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் காவலர் அறை, அலுவலகம், சமையலறை, குமாஸ்தாக்களுக்கான அறை, பிறகு ஒரு கிடங்குக் கொட்டகை என்று கட்டிக் கொடுத்தார்கள். முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு பணம் தர மறுத்தது. உச்ச நீதிமன்றம் 70-வது பிரிவின்படி ஒப்பந்தக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த ஆண்டு 1961. நியாயம் கிடைத்தது, 17 ஆண்டு ஆனது. மேலும் இந்தப் பிரிவில் கிடைப்பது பேசிய விலை அல்ல, நீதிமன்றம் நியாயம் என்று கருதும் ஈடு. 16,200 ரூபாய்க்காகக் கோவையிலிருந்து ஒரு தனி ஆள் இந்த வழியில் போவது நடக்கிற காரியம் இல்லை.

இந்தக் கடிதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பொத்தானின் நிறத்தை மாற்று, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கு என்று வருவதற்கெல்லாம் கடிதம் எழுதினால் கடிதம் எழுதும் நேரம் வேலையின் நேரத்தைத் தாண்டிவிடும். கடைக்காரருக்கும் எரிச்சல் வரும். ஒப்பந்தத்திலேயே சிறு திருத்தங்களுக்கென்று 6 மணி, 8 மணி என்று ஒரு இருப்பு வைத்துக்கொண்டு, அதிலிருந்து கழித்து வருவது நல்லது. கழிக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும்: "படம் மாற்றம், 1 மணி, கட்டணம் இல்லை, இருப்பு 5 மணி." அன்புக்காக இலவசமாகச் செய்வதையும் இப்படித்தான் கட்டணம் பூஜ்ஜியம் என்று போட்டு எழுத வேண்டும். எழுதாமல் செய்த உதவி, இரண்டு மாதத்தில் ஒப்பந்தத்தின் பகுதி என்று நினைக்கப்படும். அதற்குப் பிறகு வரும் முதல் விலைக் கடிதம் துரோகம் போலத் தெரியும்.

இன்னொரு பக்கம், ஒரே வேலையில் நாலைந்து சேஞ்ச் ஆர்டர்கள் வரிசையாகப் போனால் கோளாறு கடிதத்தில் இல்லை. என்ன வேண்டும் என்று கடைக்காரருக்கே இன்னும் தெரியவில்லை, அல்லது டெவலப்பர் ஆரம்பத்தில் சரியாகக் கேட்கவில்லை. அந்த நிலையில் மொத்த விலை ஒப்பந்தம் இருவருக்குமே பொருந்தாது. உட்கார்ந்து பேசி, மீதி வேலையை மாதச் சம்பளக் கணக்கிலோ மணிக்கணக்கிலோ மாற்றிக்கொள்வது கௌரவமான வழி.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. சேவைத் தொழிலில் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத டெவலப்பருக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. அவர் வரி சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. பதிவு செய்தவர் என்றால் கூடுதல் தொகைக்கும் 18 சதவீதம் உண்டு. அதைக் கடிதத்திலேயே தனி வரியாகக் காட்டிவிட வேண்டும். பில்லில் திடீரென்று 2,916 ரூபாய் கூடி நின்றால், அதுவரை கட்டிய நல்லெண்ணம் அங்கே சரியும்.

இதையெல்லாம் சுலபமாக்கும் வரி முதல் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் டெவலப்பர் தப்பித்தது, மணிக்கு 600 ரூபாய் என்ற வீதம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்ததால்தான். கோரிக்கை வந்த பிறகு வீதம் பேசினால், அவசரத்தில் இருப்பவரிடம் விலை பேசியது போலாகிவிடும். டெவலப்பரோ கடைக்காரரோ, யாராக இருந்தாலும் அடுத்த ஒப்பந்தத்தில் இந்த மூன்று வாக்கியங்களைச் சேர்த்துவிடுங்கள்: "மேலே எண்ணிட்டுச் சொன்ன வேலைகளுக்கு வெளியே வரும் எதுவும் கூடுதல் வேலை. அதன் மணிக்கணக்கு, மணிக்கு இத்தனை ரூபாய் வீதத்தில் விலை, தேதி மாற்றம் மூன்றும் எழுத்தில் தரப்பட்டு, எழுத்தில் சம்மதம் வந்தபின்னரே தொடங்கப்படும். வேலை குறைந்தால் அதே வீதத்தில் கழிக்கப்படும்." டெவலப்பர் இதைச் சேர்க்க மறந்திருந்தால், பணம் தரப்போகிற நீங்களே கேட்டு வாங்குங்கள்.